பாம்பன் கரையில் f/22 வைத்து எடுத்த படம் ஏன் மொத்தமாக மங்கலாக இருக்கிறது?

சாயல்குடி தம்பி

எல்லோருக்கும் வணக்கம். பாம்பன் கரையில் குவித்துப் போட்டிருந்த வலை முன்னால், கட்டிப் போட்ட வள்ளங்கள் நடுவில், ரயில் பாலம் பின்னால், இப்படி மூன்றும் ஒரே படத்தில் தெளிவாக வர வேண்டும் என்று எடுத்தேன். சூரியன் இறங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். 18 மி.மீ.யில் வைத்து, ட்ரைபாட் போட்டு, ஐஎஸ்ஓ 100, f/22, ஷட்டர் ஒரு விநாடி. வலை கேமராவிலிருந்து 1.2 மீட்டர் இருக்கும், பாலம் அரை கிலோமீட்டருக்கு மேல். ஃபோகஸ் வைத்தது வள்ளத்தின் மேல்.

கேமரா திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டு 100 சதவீதம் பெரிதாக்கினால் வலை முடிச்சும் மொழுக்கென்று இருக்கிறது, பாலத்தின் இரும்பும் மொழுக்கென்று இருக்கிறது, வள்ளம் இரண்டு மூன்றாகத் தெரிகிறது. f எண் பெரிதாக வைத்தால் எல்லாமே ஷார்ப்பாக வரும் என்றுதானே எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள்? லென்ஸை மாற்ற வேண்டுமா?

கீழக்கரை ஸ்டூடியோ

தம்பி, நீங்கள் வைத்த செட்டிங் சரிதான், லென்ஸ்தான் சரியில்லை. கல்யாண வீட்டில் ஐம்பது பேரை நிற்க வைத்து குரூப் போட்டோ எடுக்கும்போது எண்ணைக் கூட்டித்தான் எடுக்கிறோம், முன் வரிசைக் குழந்தையும் பின் வரிசைப் பெரியப்பாவும் ஒன்றாக விழ அதுதான் வழி. எண் கூடினால் டெப்த் கூடும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. கிட் லென்ஸில் கண்ணாடி சுமார்தான், அதனால்தான் மொழுக்கென்று வருகிறது. நல்ல லென்ஸ் ஒன்றை ராமநாதபுரத்தில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து அதே f/22-ல் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

உப்புக்காற்று

பாய் சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்ள முடியும். எண் கூடினால் டெப்த் கூடும் என்பது உண்மை. ஆனால் f/22-ல் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸைப் போட்டாலும் இந்த மொழுக்குத்தனம் போகாது, ஏனென்றால் அது கண்ணாடியால் வருவது இல்லை, ஓட்டையால் வருவது.

f எண் என்பது ஒரு வகுத்தல்தான். லென்ஸின் குவிய தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் ஓட்டையின் விட்டம் வரும். 18 மி.மீ.யில் f/8 என்றால் ஓட்டை 2.25 மி.மீ., f/22 என்றால் 0.8 மி.மீ. மட்டும். துறைமுக அலைதடுப்புச் சுவரில் வாய் அகலமாக இருந்தால் அலை நேராக உள்ளே வரும், வாய் குறுகினால் உள்ளே வந்ததும் விசிறி மாதிரி விரியும், கவனித்திருப்பீர்கள். ஒளியும் அலைதான், சின்ன ஓட்டைக்குள் நுழைந்தால் விரியும். பிளஸ் டூ இயற்பியலில் விளிம்பு விளைவு என்று படித்தது இதுதான். பாலத்தில் எரியும் ஒரு விளக்கு சென்சாரில் புள்ளியாக விழாமல் சின்ன வட்டமாக விழும். அந்த வட்டத்தின் விட்டம் மைக்ரானில் இவ்வளவு:

```
விட்டம் = 2.44 × 0.55 × f எண்

f/8   →  10.7
f/11  →  14.8
f/22  →  29.5
```

0.55 என்பது பச்சை ஒளியின் அலைநீளம், அதுவும் மைக்ரானில். தம்பியின் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 3.9 மைக்ரான். அதாவது f/8-ல் ஒரு புள்ளி மூன்று பிக்சலுக்குள் அடங்குகிறது, f/22-ல் ஏழு பிக்சலுக்கு மேல் பரவுகிறது. வெளிச்சத்தில் பெரும்பங்கு வட்டத்தின் நடுவில்தான் விழும் என்பதால் கணக்கில் தெரிகிற அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 100 சதவீதத்தில் பார்த்தால் தெரியத்தான் செய்யும். இந்தக் கணக்கில் லென்ஸின் விலைக்கு இடமே இல்லை பாருங்கள்.

வள்ளம் இரண்டு மூன்றாகத் தெரிவது வேறு சமாச்சாரம். f/8-லிருந்து f/22-க்குப் போனால் மூன்று ஸ்டாப், உள்ளே வருகிற வெளிச்சம் எட்டில் ஒரு பங்கு. f/8-ல் 1/8 விநாடி போதும் என்கிற இடத்தில் உங்களுக்கு ஒரு விநாடி தேவைப்பட்டது. பாம்பன் காற்றில் ஒரு விநாடி சும்மா நிற்கிற வள்ளத்தை நான் பார்த்ததே இல்லை. ட்ரைபாட் கேமராவைத்தான் பிடிக்கும், கடலைப் பிடிக்காது.

மண்டபம் நிஜாம்

என் கையில் இருப்பது போன்தான். அதில் f/1.8 என்று போட்டிருக்கிறது, மாற்றவும் முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் f/1.8-ல் ஒன்று தெளிவாக இருந்தால் மற்றது மங்க வேண்டும். ஆனால் நான் அதே கரையில் எடுத்த படத்தில் காலடியில் கிடந்த சங்கும் தெளிவு, பாலமும் தெளிவு. அப்படியென்றால் போன்தான் கேமராவை விட நல்லது என்று ஆகிறது, இந்த எண்ணெல்லாம் எதற்கு?

உப்புக்காற்று

நிஜாம், உங்கள் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ஓட்டையைப் பாருங்கள். போனின் மெயின் கேமராவில் உண்மையான குவிய தூரம் பெரும்பாலும் 5, 6 மி.மீ. அளவுதான், சென்சார் அவ்வளவு சின்னது. 5.4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 1.8-ஆல் வகுத்தால் ஓட்டை 3 மி.மீ. தம்பியின் 18 மி.மீ. லென்ஸும் ஏறக்குறைய அதே அகலக் காட்சியைத்தான் காட்டுகிறது, அதில் 3 மி.மீ. ஓட்டை வேண்டுமென்றால் f/6 வைக்க வேண்டும். காட்சியின் அகலம் ஒன்று, நிற்கும் இடம் ஒன்று, ஓட்டையும் ஒன்று என்றால், இரண்டு படத்தையும் ஒரே அளவில் பார்க்கும்போது டெப்த்தும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் போனின் f/1.8 தம்பியின் கேமராவில் f/6 மாதிரி நடந்துகொள்கிறது. அதனால்தான் போனில் எல்லாம் தெளிவு, அதனால்தான் போர்ட்ரெய்ட் மோடில் பின்னணியை மென்பொருள் போட்டு மங்கலாக்க வேண்டியிருக்கிறது.

வெளிச்சத்துக்கும் இதே கணக்குதான். 3 மி.மீ. ஓட்டை வழியாக ஒரே காட்சியிலிருந்து ஒரே அளவு ஒளிதான் உள்ளே வரும், சென்சார் பெரிதோ சிறிதோ. போனில் ராத்திரிப் படம் நன்றாக வருவது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால்.

பறவைத்தோழி

இடையில் என் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன், இதுவும் ஷார்ப்னஸ் சம்பந்தப்பட்டதுதான். தனுஷ்கோடி பக்கம் தேங்கிய உப்புநீரில் பூநாரைக் கூட்டம் நின்றது. 150-600 லென்ஸ், 600-ல் f/6.3, ஷட்டர் 1/2000. பறவைகள் 60 மீட்டர் தூரம் இருக்கும். ஒன்றுகூட இறகு தெரிகிற மாதிரி வரவில்லை. டெப்த் போதவில்லையோ என்று f/11-க்குப் போனேன், ஷட்டர் 1/640-க்கு இறங்கியது, படம் அப்படியேதான் இருந்தது. எனக்கும் விளிம்பு விளைவுதானா? நேரம் காலை பதினொன்று இருக்கும்.

உப்புக்காற்று

அக்கா, பதினொரு மணி என்றதுமே பாதி பதில் வந்துவிட்டது. அது கானல். சூடான மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே காற்று ஆடிக்கொண்டே இருக்கும், 60 மீட்டர் அந்தக் காற்றைத் துளைத்துத்தான் உங்கள் லென்ஸ் பார்க்கிறது. அதை எந்த f எண்ணும் சரி செய்யாது. சோதிப்பது சுலபம், தொடர்ச்சியாக எடுத்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். பறவையின் காலோ கழுத்தோ ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு விதமாக நெளிந்திருந்தால் கானல்தான். ஃபோகஸ் தவறியிருந்தால் பறவைக்கு முன்னாலோ பின்னாலோ தண்ணீரில் ஏதாவது ஒரு வரி சுத்தமாகத் தெரியும். விளிம்பு விளைவு என்றால் எல்லாப் படத்திலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மென்மை.

உங்கள் கேமராவும் ஏபிஎஸ்-சி என்றால், 60 மீட்டரில் f/6.3-க்கு டெப்த் சுமார் இரண்டரை மீட்டர் இருக்கிறது, ஒரு பறவைக்குத் தாராளம். f/11-ல் நாலரை மீட்டர் வரும், கூட்டம் முழுவதற்கும் அதுவும் காணாது. ஷட்டரை இழந்ததுதான் மிச்சம். விடிந்ததும் மணல் சூடேறுவதற்கு முன்னால் போய் f/6.3-லேயே எடுங்கள்.

தொண்டி கனி

தம்பியின் படத்துக்கு வருவோம். உப்புக்காற்று அண்ணன் f/22 வேண்டாம் என்று சொல்லிவிட்டார், என்ன வைப்பது என்று இன்னும் சொல்லவில்லை. இணையத்தில் ஹைபர்ஃபோகல் அட்டவணையைப் பார்த்தால் 18 மி.மீ., f/8-க்கு 2 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஷார்ப் என்று இருக்கும். நானும் அதை நம்பித் தேவிப்பட்டினத்தில் எடுத்துப் பார்த்தேன், தூரத்தில் இருப்பது ஒருபோதும் சுத்தமாக வராது. என் வழி வேறு, ஃபோகஸைத் தூரத்தில் வைத்துவிடுவேன், பாலம் கத்தி மாதிரி வரும், முன்னால் இருப்பது வந்தவரை வரட்டும். அந்த அட்டவணைகள் எல்லாம் பழைய கணக்கு.

உப்புக்காற்று

கனி சொல்வது நியாயம், அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அந்த அட்டவணை ஏபிஎஸ்-சி சென்சாரில் 0.02 மி.மீ. வட்டம் வரைக்கும் ஷார்ப் என்று ஒப்புக்கொள்கிறது. கையளவு பிரிண்டுக்கு அது போதும். தம்பியின் சென்சாரில் 0.02 மி.மீ. என்றால் ஐந்து பிக்சல். பாலத்தை ஐந்து பிக்சல் மங்கலோடு விட்டுவிட்டு ஷார்ப் என்று அட்டவணை சொல்கிறது, 100 சதவீதத்தில் பார்க்கிறவர் அதை ஏற்க மாட்டார்.

கனியின் வழியில் ஒரு அழகான விதி இருக்கிறது. ஃபோகஸைத் தொலைவில் வைத்தால், முன்னால் எந்தத் தூரத்தில் இருந்தாலும் ஓட்டையின் விட்டத்தைவிடப் பெரிய பொருள் பிரிந்து தெரியும், சின்னது கலங்கிவிடும். 18 மி.மீ., f/8-ல் ஓட்டை 2.25 மி.மீ. அப்படியானால் வலையின் கண் தெரியும், முடிச்சு ஒரு குமிழாகத் தெரியும், முடிச்சுக்குள் நைலான் நூல் எப்படிச் சுற்றிப் போகிறது என்பது தெரியாது. மிதவையின் உருவம் தெரியும், அதன் மேல் உப்புப் பூத்திருப்பது தெரியாது. தம்பிக்கு வலை வெறும் முன்னணியாகப் போதும் என்றால் கனியின் வழி சரி. வலையும் பேச வேண்டும் என்றால் போதாது.

அதற்கு நான் செய்வது இது. 18 மி.மீ., f/11, ஃபோகஸ் 3 மீட்டர். வலை 1.2 மீட்டரில் இருந்தால் அங்கே ஃபோகஸ் மங்கல் நாலு பிக்சல் கிட்ட வரும், பாலத்தில் இரண்டரை. இப்போது ட்ரைபாடை ஒரு அடி பின்னால் தள்ளி வலையை 1.5 மீட்டர் ஆக்குங்கள், வலையிலும் பாலத்திலும் மங்கல் சமமாக இரண்டரை பிக்சல் ஆகிவிடும், f/11-ன் விரிவு வட்டமே நாலு பிக்சல் கிட்ட இருப்பதால் இந்த மங்கல் அதற்குள் அடங்கிப் போகும். எண்ணைக் கூட்டுவதற்குப் பதில் ஒரு அடி பின்வாங்கியதற்கு வெளிச்சத்தில் ஒரு துளிகூடச் செலவில்லை. எல்லோரும் அப்பர்ச்சர் வளையத்தையே திருகிக்கொண்டிருக்கிறார்கள், காலை நகர்த்துவதில்லை, எனக்கு அதுதான் ஆதங்கம்.

ஷட்டர் என்ன ஆகும்? உங்கள் ஒரு விநாடி f/11-ல் கால் விநாடி. அது வள்ளத்துக்கு இன்னும் அதிகம். ஐஎஸ்ஓ 800-க்குப் போனால் 1/30. இன்றைய ஏபிஎஸ்-சி சென்சாரில் 800-ல் வருகிற மணல்மணலான இரைச்சலை மென்பொருளில் அடக்கிவிடலாம், ஆடிப்போன வள்ளத்தைத் திருப்பி நிறுத்த முடியாது.

கீழக்கரை ஸ்டூடியோ

சரி, கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். f/16-ல் எடுத்த எத்தனையோ படத்தை ஆல்பத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறோம், ஒரு வாடிக்கையாளர்கூட மொழுக்கென்று இருக்கிறது என்று சொன்னதில்லை. யார் 100 சதவீதத்தில் பார்க்கிறார்கள்? ஆல்பத்தைக் கையில் வைத்துத்தானே பார்க்கிறார்கள்?

உப்புக்காற்று

ஆல்பத்துக்கு f/16 தாராளமாகப் போதும் பாய், அதை மறுக்கவில்லை. ஏ4 அளவில் f/8 படத்தையும் f/16 படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அதுவும் லேசாக ஷார்ப்பனிங் கொடுத்துவிட்டால், சாதாரணமாகப் பார்க்கிறவர் கண்டுபிடிப்பது கஷ்டம். சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலோ நடுவில் வெட்டி எடுத்தாலோதான் அடி வாங்கும். குரூப் போட்டோவில் உங்களுக்கு ஃபிளாஷ் இருப்பதால் வெளிச்சம் போவதும் வலிப்பதில்லை. தம்பிக்கு அந்த நேரத்தில் கடற்கரையில் ஃபிளாஷ் உதவாது, அரை கிலோமீட்டர் தாண்டிப் பாலத்தில் போய் அது விழாது.

தொண்டி கனி

எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. வலையிலும் இரண்டரை, பாலத்திலும் இரண்டரை என்றால் எதுவுமே முழு ஷார்ப் இல்லை என்றுதானே அர்த்தம்? நான் என்றால் ட்ரைபாடை அசைக்காமல் f/8-ல் இரண்டு படம் எடுப்பேன், ஒன்றில் ஃபோகஸ் வலை, இன்னொன்றில் பாலம், பிறகு சேர்த்துக்கொள்வேன். இரண்டுமே உச்சத் தெளிவு.

உப்புக்காற்று

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயத்தை எடுக்கிறீர்கள் என்றால் உங்கள் வழிதான் சிறந்தது, 1964 புயலுக்குத் தப்பிய சுவர் இரண்டு படத்துக்கு இடையில் நகராது. பாம்பனில் நடுவில் வள்ளம் ஆடுகிறது, அலை ஓடுகிறது, காற்றில் வலையின் ஓரம் துடிக்கிறது. இரண்டு படத்தையும் ஒட்டுகிற கோடு எங்காவது தண்ணீரில்தான் போயாக வேண்டும், அங்கே அலை பாதியில் அறுந்து நிற்கும். பொறுமையாகக் கையால் மறைத்து ஒட்டினால் வரும். நான் ஒரே படத்தில் முடிக்கத்தான் விரும்புவேன்.

தொண்டி கனி

தண்ணீரில் ஒட்டுவதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் அண்ணே, கரையோரமாக நுரையை ஒட்டி வெட்டினால் போதும். என் படங்களில் ஒருவரும் சொன்னதில்லை.

சாயல்குடி தம்பி

எல்லோருக்கும் நன்றி. திரும்பவும் அதே இடத்துக்குப் போய் எடுத்தேன். f/11, 3 மீட்டர், ஐஎஸ்ஓ 800, 1/30. ஃபோகஸை 3 மீட்டரில் வைக்க லென்ஸில் தூர அளவே இல்லை, அதனால் 3 மீட்டர் அளந்து ஒரு கட்டுமரத் துண்டின் மேல் ஆட்டோ ஃபோகஸ் வைத்து, பிறகு மேனுவலுக்கு மாற்றிக்கொண்டேன். வள்ளத்தின் பதிவெண் படிக்க முடிகிறது. வலையில் முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது. பாலம் f/22-ஐவிடத் தெளிவு, ஆனால் கனி அண்ணன் சொல்கிற கத்தி இல்லை.

இரண்டு சந்தேகம். சாலைப் பாலத்தின் மேல் நின்று எடுத்ததும் உண்டு, அதில் மட்டும் பாலத்து விளக்கெல்லாம் சின்னச் சின்னக் கோடாக இருக்கிறது, அதே f/11தான். இன்னொன்று, பழைய f/22 படத்தில் வானத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்தன, f/11-ல் அதே இடத்தில் ரொம்ப மங்கலாக இருக்கின்றன, f/5.6-ல் காணவே இல்லை. இதுவும் விளிம்பு விளைவா?

உப்புக்காற்று

கோடு என்றால் ஆட்டம். எல்லா விளக்கும் ஒரே திசையில் ஒரே நீளத்துக்கு இழுபட்டிருக்கும், பாருங்கள். பஸ்ஸும் லாரியும் போகும்போது சாலைப் பாலம் அதிரும், ட்ரைபாட் அந்த அதிர்வை அப்படியே கேமராவுக்கு ஏற்றிவிடும். கீழே கரையில் நின்று எடுப்பதுதான் நல்லது. f/22 படத்தில் அதே விளக்குகள் கதிர்விட்ட நட்சத்திரமாக இருந்திருக்கும், அது அப்பர்ச்சர் இதழ்களின் வேலை, ஏழு இதழ் என்றால் பதினாலு கதிர். அந்த நட்சத்திரம் வேண்டும் என்றே சிலர் f/16 வைக்கிறார்கள், அது அவரவர் விருப்பம்.

புள்ளி விளிம்பு விளைவு இல்லை, சென்சாரின் மேல் தூசி. பெரிய ஓட்டையில் ஒளி பல கோணத்திலிருந்து வருவதால் தூசியின் நிழல் கரைந்துபோகும், சின்ன ஓட்டையில் ஒளி ஏறக்குறைய ஒரே திசையில் வருவதால் நிழல் அழுத்தமாக விழும். நம் கரையில் லென்ஸை வெளியில் மாற்றினால் இது வராமல் இருக்காது. வீட்டில் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் f/22-ல் ஒரு படம் எடுங்கள், எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கேமராவில் சென்சார் க்ளீனிங் என்று மெனு இருந்தால் அதைத் திறந்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம். துணியால் துடைக்கவே வேண்டாம், அதில் இருப்பது உப்பும் மணலும், ஒரு இழுப்பில் கீறல் விழும். ஊதியும் போகாதது ஒட்டிக்கொண்ட உப்பாக இருக்கும், அதற்குக் கடையில்தான் கொடுக்க வேண்டும்.

பறவைத்தோழி

காலை ஆறரைக்குப் போய் வந்தேன். f/6.3தான், கழுத்து இறகு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. கூட்டத்தில் பாதி மங்கல்தான், ஆனால் முன்னால் நின்றது ஒன்று போதும் எனக்கு.